வகுப்பு தாண்ட மதிப்பிடக் கோரும் கடிதம்

“எங்கள் பிள்ளையை இரண்டாம் வகுப்பில் உட்கார வைக்காமல் நேராக மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று எழுதினால் பள்ளி முதல்வருக்கு மறுப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு கடிதத்தை நம்பி யாரும் பிள்ளையை மேலே தூக்கிவிட முடியாது. “தாண்டலாமா என்று நீங்களே மதிப்பிட்டுச் சொல்லுங்கள்” என்று கேட்டால் நிலைமை வேறு. மதிப்பிடுவது பள்ளியின் வேலைதான். முடியாது என்று சொல்வதற்குக்கூட அவர்கள் பிள்ளையை ஒரு முறை உற்றுப் பார்த்தாக வேண்டும். இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது வகைக் கடிதத்தைப் பற்றியது.

சிங்கப்பூரில் வகுப்பு தாண்டுவது அபூர்வம். அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அது வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளைகளுக்கு அல்ல, தங்கள் வயதினரைவிட மிகவும் முன்னே நிற்கும் ஒரு சிலருக்காக வைக்கப்பட்ட வழி. பள்ளி முதலில் பார்க்கும், பிறகு கல்வி அமைச்சின் கருத்தும் சேரும். அக்கம்பக்கத்தில் “எங்கள் காலத்தில் டபுள் புரமோஷன் கொடுத்தார்களே” என்பார்கள். ஊரிலும் பழைய மலாயாவிலும் தலைமையாசிரியர் நினைத்தால் நடந்த காரியம் அது. ஜோகூர்ப் பக்கம் உறவினர் உள்ளவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். மலேசியாவில் 1996 முதல் 2000 வரை பிடிஎஸ் என்றொரு தேர்வு இருந்தது. மூன்றாம் ஆண்டில் அதில் தேறியவர்கள் நான்காம் ஆண்டைத் தாண்டி ஐந்தாம் ஆண்டுக்குப் போகலாம். ஒரு தேர்வு எழுதித் தாண்டும் அப்படியொரு முறை இங்கே இல்லை. அதனால்தான் கடிதத்துக்கு இவ்வளவு வேலை.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தேக்காவுக்குப் பக்கத்தில், ஃபேரர் பார்க் வட்டாரத்தில் குடியிருக்கிறார்கள். மகள் பிறந்தது 2019 ஜனவரி 20. 2026-ல் தொடக்கநிலை 1-ல் படிக்கிறாள். இவளுக்காகக் கடிதம் எழுதலாமா, எப்போது எழுதுவது, எதைச் சேர்ப்பது?

முதலில் பிறந்த தேதி. இங்கே ஜனவரி 2 முதல் அடுத்த ஆண்டு ஜனவரி 1 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. ஜனவரி 20-ல் பிறந்தவள் தன் வகுப்பில் ஏறக்குறைய மூத்தவள். மேல் வகுப்புக்குப் போனால் அங்கே ஆக இளைய பிள்ளையைவிட மூன்று வாரம்கூட இளையவள் இல்லை. இதே பெண் நவம்பரில் பிறந்திருந்தால், மேல் வகுப்பில் சிலர் அவளைவிட ஏறத்தாழ இரண்டு வயது பெரியவர்களாக இருப்பார்கள். அந்தக் குடும்பத்திடம் பள்ளி இன்னும் வலுவான காரணம் எதிர்பார்க்கும், அது நியாயமும்கூட. பிறந்த தேதி சாதகமாக இருந்தால் கடிதத்தில் அதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது எந்த ஆண்டைத் தாண்டுவது என்பது. பல பெற்றோர் இதை யோசிப்பதே இல்லை. தொடக்கநிலை 3-ல்தான் அறிவியல் பாடம் தொடங்குகிறது. மூன்றிலிருந்து ஆறு வரை படிக்கும் அறிவியல் முழுவதும் பிஎஸ்எல்இ தேர்வுக்கு வரும். எனவே தொடக்கநிலை 3-ஐத் தாண்டும் பிள்ளை ஒரு பாடத்தின் தொடக்கத்தையே தவறவிட்டு, மற்றவர்கள் ஓர் ஆண்டு படித்து முடித்த இடத்தில் போய் உட்காரும். மேலும், உயர் ஆற்றலுள்ள மாணவர்களை இனங்காண்பதும் தொடக்கநிலை 3-ல்தான் நடக்கிறது. 1984-ல் தொடங்கிய ஜிஇபி என்னும் மீத்திறன் மாணவர் திட்டம் மாறப்போவதைப் பிரதமர் லாரன்ஸ் வோங் 2024 தேசிய தினப் பேரணியில் அறிவித்தார். அந்த ஆண்டு தொடக்கநிலை 1-ல் சேர்ந்தவர்களிலிருந்து பழைய முறை இல்லை. ஒன்பது பள்ளிகளில் தனி வகுப்பு வைப்பதை விட்டு, ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன் மாணவர்களுக்கே கூடுதல் திட்டம் நடத்த வேண்டும் என்பது புதிய ஏற்பாடு. முறை மாறினாலும் இனங்காணும் ஆண்டு தொடக்கநிலை 3-தான். இரண்டிலிருந்து நேரே நான்குக்குப் போகும் பிள்ளை அந்த ஆண்டையே தாண்டிவிடுகிறது.

நம் கற்பனைப் பெண்ணுக்கு ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போவதே நல்லது. அறிவியலை எல்லாரோடும் சேர்ந்து தொடங்குவாள். தவறவிடுவது தொடக்கநிலை 2 மட்டும். கணிதத்தில் அது 1,000 வரையிலான எண்களும் 2, 3, 4, 5, 10 வாய்ப்பாடுகளும் அடங்கிய ஆண்டு. அவளுக்கு இவை ஏற்கெனவே தெரியுமா என்று சோதிப்பது சுலபம். கடிதத்தை மூன்றாம் தவணை தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில், அதாவது ஜூலையில் கொடுப்பது சரி. ஆசிரியர் பிள்ளையை அரையாண்டு பார்த்திருப்பார். மதிப்பிட்டு ஜனவரிக்குள் முடிவு சொல்லப் பள்ளிக்கும் நேரம் இருக்கும். அக்டோபரில் கொடுத்தால் “அடுத்த ஆண்டு பார்க்கலாம்” என்ற பதில்தான் வரும். அடுத்த ஆண்டு என்றால் தாண்ட வேண்டியது தொடக்கநிலை 3.

பையனாக இருந்தால் தேசிய சேவைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 17 வயதில் தொடக்கக் கல்லூரி முடித்துவிட்டால் 18 வயது வரை காத்திருக்க வேண்டிவரலாம். பெற்றோர் சம்மதத்தோடு முன்கூட்டியே சேர வழியுண்டு என்றாலும், இளையவனாக முகாமுக்குப் போவதை அவன் விரும்புவானா என்பது வேறு கேள்வி. ஏழு வயதில் இதைப் பேசுவது விசித்திரமாகத் தெரியலாம். தாண்டிய ஓராண்டு கடைசியில் எங்கே செலவாகும் என்பதை முன்பே பார்த்துவிடுவது நல்லது.

இனி சான்று. தொடக்கநிலை 1, 2-ல் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகள் 2019-லிருந்து இல்லை. ஆகவே “எல்லாப் பாடத்திலும் நூற்றுக்கு நூறு” என்று எழுத உங்களிடம் எதுவும் இருக்காது. இருந்தாலும் பயனில்லை. தன் வகுப்புத் தாளில் முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளை அந்த வகுப்புப் பாடத்தை அறிந்திருக்கிறது என்று மட்டும்தான் அது காட்டும். அதற்கு மேல் எவ்வளவு தூரம் போகும் என்று அது சொல்லாது. மேல் வகுப்புத் தாளைக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பிராஸ் பாசாவில் மேல் வகுப்பு அசெஸ்மென்ட் புத்தகங்களை வாங்கி ஆறு மாதம் உட்கார வைத்தால் பல பிள்ளைகள் அந்தக் கணக்குகளைப் போட்டுவிடும். அது முன்கூட்டிய துணைப்பாடம். ஆசிரியர்கள் இதை நாள்தோறும் பார்க்கிறார்கள், சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். வித்தியாசத்தை வீட்டிலேயே பார்க்கலாம். இதுவரை சொல்லித் தராத வகையில் ஒரு கணக்கைக் கொடுங்கள். அண்ணனிடம் தங்கையைவிட 12 ஸ்டிக்கர் அதிகம், இருவரிடமும் சேர்த்து 40, தங்கையிடம் எத்தனை? பயிற்சி பெற்ற பிள்ளை 40-லிருந்து 12-ஐக் கழித்து 28 என்று சொல்லி நின்றுவிடலாம், அல்லது “இது எந்த மாடல்?” என்று கேட்கலாம். தானாக யோசிக்கும் பிள்ளை சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த 12-ஐ ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தைப் பாதியாக்கினேன், 14” என்று சொல்லும். அந்த வாக்கியத்தைத் தேதி போட்டு அப்படியே எழுதி வையுங்கள். பிள்ளையின் கையெழுத்தில் அந்தத் தாளும் இருக்கட்டும், அடித்தல் திருத்தலோடு. சான்றிதழ்களையும் போட்டிப் பதக்கங்களையும்விட இப்படிப்பட்ட நான்கைந்து தாள்கள் அதிகம் பேசும்.

உளவியலாளர் அறிக்கை தேவையா? பெரும்பாலும் அது இல்லாமல் பேச்சு நகராது. சிங்கப்பூர் உளவியல் சங்கத்தின் பதிவேட்டில் உள்ள தனியார் உளவியலாளரிடம் போகலாம். செலவு சில நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டலாம். ஆறு வயது நிரம்பிய பிள்ளைக்குப் பெரும்பாலும் வெக்ஸ்லர் சோதனையின் ஐந்தாம் பதிப்பை வைப்பார்கள். சராசரி 100, ஒரு படி 15. 130-க்கு மேல் வருபவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். பெற்றோர் முன்பக்கத்தில் உள்ள அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். பள்ளிக்கு உதவுவது உள்ளே இருக்கும் ஐந்து பிரிவுகள். சொல்லறிவும் தர்க்கமும் 145-ல் இருக்க, வேகம் மட்டும் 100-ல் நிற்கும் பிள்ளைகள் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைக்கு மேல் வகுப்பில் பாடம் புரியும், ஆனால் எழுதி முடிக்க நேரம் போதாது. அறிக்கை தரும்போது உளவியலாளரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: எண் பிடிக்கவில்லை என்று சில மாதத்தில் வேறொருவரிடம் அதே சோதனையை எழுத வைக்காதீர்கள். பழகிய சோதனையில் எண் ஏறும் என்பது உளவியலாளர்கள் அனைவருக்கும் தெரியும், முந்தைய சோதனை எப்போது என்றும் கேட்பார்கள். அதே காரணத்தால், சோதனைக்கு முன் மாதிரிக் கேள்விகள் பழக்குவதும் கூடாது. பீட்டி சாலையில் உள்ள சிண்டாவின் துணைப்பாட வகுப்புகள் வேறு தேவைக்கானவை. அங்கே வாங்கும் மதிப்பெண் இதற்குச் சான்று ஆகாது.

கடிதம் முதல்வர் பெயருக்கு, வகுப்பாசிரியருக்குப் பிரதியோடு போக வேண்டும். அனுப்புவது ஆங்கிலத்தில்தான். ஆனால் வீட்டில் யோசிப்பது தமிழில் என்றால் முதல் வரைவைத் தமிழிலேயே எழுதுங்கள். பிள்ளையைப் பற்றிப் பாட்டி கவனித்து வைத்திருப்பது அப்போதுதான் உள்ளே வரும். நம் கற்பனைக் குடும்பத்தின் கடிதம் இப்படி இருக்கலாம்:

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

எங்கள் மகள் உங்கள் பள்ளியில் தொடக்கநிலை 1-ல் படிக்கிறாள். பிறந்த தேதி 20.1.2019. வரும் ஜனவரியில் அவள் தொடக்கநிலை 2-க்குப் பதிலாகத் தொடக்கநிலை 3-ல் சேர்வது அவளுக்கு நல்லதா என்று பள்ளி மதிப்பிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம். தாண்டுவது சரியல்ல என்று முடிவானால், கணிதத்தில் மட்டும் அவளுக்கு வேறு ஏற்பாடு செய்ய முடியுமா என்பதையும் அறிய விரும்புகிறோம்.

மூன்று விஷயங்களைக் கவனித்ததால் எழுதுகிறோம். பெருக்கலும் வகுத்தலும் யாரும் சொல்லித் தராமல் அவளுக்குப் புரிந்திருக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் அவள் தானாகப் போட்ட ஐந்து கணக்குகளை, எப்படி யோசித்தாள் என்று அவள் சொன்ன விளக்கத்தோடு இணைத்துள்ளோம். ஆங்கிலத்தில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கான கதைப் புத்தகங்களைத் தானே படித்து, கதையை எங்களுக்குச் சொல்கிறாள். வகுப்பு வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளைகளோடு பேசுவதாக வகுப்பாசிரியர் பெற்றோர் சந்திப்பில் சொன்னார். அவள் துணைப்பாட வகுப்பு எதற்கும் போவதில்லை.

உளவியலாளரின் அறிக்கை முழுவதையும் இணைத்துள்ளோம். அவரோடு பள்ளி நேரடியாகப் பேச எங்களுக்குச் சம்மதம்.

எங்களுக்கு உறுதியாகத் தெரியாதவையும் உண்டு. அவளுடைய கையெழுத்து மெதுவானது. தமிழைச் சரளமாகப் பேசுவாள், ஆனால் எழுதுவது தன் வகுப்பு அளவில்தான் இருக்கிறது. விளையாட்டில் தோற்றால் சில நேரம் அழுவாள். மேல் வகுப்பில் இவை அவளைப் பாதிக்குமா என்பதை வகுப்பாசிரியரும் தமிழாசிரியரும் எங்களைவிட நன்றாகச் சொல்ல முடியும்.

இதைப் பற்றி அவளிடம் பேசினோம். பெரிய வகுப்புக்குப் போக ஆசை என்றாள், இப்போதைய தோழியை இடைவேளையில் பார்க்க முடியுமா என்றும் கேட்டாள்.

உங்களுக்கு வசதியான நாளில் நேரில் வந்து பேசத் தயாராக இருக்கிறோம். எந்த முடிவையும் பள்ளியோடு கலந்தே எடுப்போம்.

இப்படிக்கு,
பெற்றோர் இருவரின் பெயரும் கையொப்பமும்

இந்தக் கடிதத்தில் ‘மேதை’, ‘அதிபுத்திசாலி’ போன்ற சொற்கள் இல்லை. வகுப்பில் பாடம் மந்தமாகப் போகிறது என்ற குறையும் இல்லை. ஆசிரியர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறார்கள், “சலிப்பால்தான் பேசுகிறாள்” என்று தாங்களாகச் சேர்க்கவில்லை. முதல் பத்தியிலேயே எந்த ஆண்டு, எந்த வகுப்பு என்ற கேள்வி தெளிவாக இருக்கிறது, அது வேண்டாம் என்றால் வேறென்ன என்பதும் இருக்கிறது. இரண்டாவது கேள்விதான் பல நேரம் பலன் தருகிறது.

தெரியாதவற்றை எழுதும் பத்தியைத்தான் பெற்றோர் முதலில் வெட்டப் பார்ப்பார்கள். நாமே பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கலாமா என்பார்கள். வெட்டாதீர்கள். அந்தப் பலவீனங்கள் வகுப்பறையில் அரையாண்டாகத் தெரிந்துகொண்டிருப்பவை. கடிதம் அவற்றை மறைத்தால், மற்றதிலும் எவ்வளவு மறைத்திருப்பார்கள் என்று ஆசிரியர் நினைப்பார். சொல்லிவிட்டால் சந்திப்பு நேரே வேலைக்கு வந்துவிடும்.

தமிழைப் பற்றிய வரியைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் இரண்டு வகுப்பு முன்னே நிற்கும் பிள்ளை தமிழில் தன் வகுப்பிலேயே இருப்பது சாதாரணம், ஏனென்றால் அது படித்துத் தள்ளும் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கணிதத்தில் விட்டுப்போன பகுதியை யோசித்தே நிரப்பிவிடலாம். எழுத்துக்கூட்டிப் படிப்பதையும் ல, ள, ழ எங்கே வரும் என்பதையும் யோசித்து வரவழைக்க முடியாது, கண்ணும் கையும் பழக வேண்டும். தொடக்கநிலை 2-ஐத் தாண்டினால் அந்தப் பழக்கத்தில் ஓராண்டு குறைகிறது. பிற்காலத்தில் உயர்தமிழ் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இழப்பு இன்னும் பெரிது. கடிதம் கொடுத்த வாரத்திலேயே தமிழாசிரியரைப் பார்த்து, தொடக்கநிலை 2 தமிழ்ப் பாடநூலையும் பயிற்சி நூலையும் எந்த வரிசையில் முடிப்பது என்று கேட்டு வாங்கிவிடுங்கள். நவம்பர் பிற்பகுதியில் தொடங்கி ஆண்டு முடியும் வரை விடுமுறை. தினமும் அரைமணி நேரம் வாய்விட்டுப் படிக்கவும் பத்து வரி எழுதவும் அது போதும். வீட்டில் தமிழ் பேசாத குடும்பத்துக்குப் போதாது.

கடிதம் கொடுத்த பிறகு ஒரு சந்திப்பு நடக்கும். பிள்ளையை மேல் வகுப்புத் தாள்களில் சோதிக்கலாம், வகுப்பில் கவனிக்கலாம், பள்ளி ஆலோசகர் பேசலாம். அதற்கு முன் பெற்றோர் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய வகுப்பு முடுக்க அளவுகோல் உதவும். இங்குள்ள பள்ளி அதைப் பயன்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் அது வைக்கும் நான்கு தடைகள் எந்த ஊருக்கும் பொருந்தும். அறிவுச் சோதனை எண் 115-க்குக் கீழ் இருந்தால் தாண்ட வேண்டாம். பிள்ளைக்கு விருப்பம் இல்லையென்றால் வேண்டாம். போகப்போகும் வகுப்பில் உடன்பிறப்பு இருந்தால் வேண்டாம். இப்போதுள்ள வகுப்பிலேயே உடன்பிறப்பு இருந்தாலும் வேண்டாம். ஓராண்டு மூத்த அண்ணன் இருக்கும் வீட்டில், தங்கை அவன் வகுப்புக்கே போய் உட்காருவது என்னவாகும் என்று நம் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வரும் ஒவ்வொரு விருந்தாளியும் இருவரின் மதிப்பெண்ணையும் கேட்பார்.

பதில் “இல்லை” என்று வந்தால், எதைப் பார்த்து அப்படி முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள். வயது முதிர்ச்சி என்றால் எந்தச் சூழலில் எதைக் கண்டார்கள்? தமிழ் என்றால் எந்த அளவு போதும்? கணிதத்தில் மட்டும் ஏற்பாடு என்று சொன்னால் அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். திறமை பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் வளர்கிறது. ஐனான் கௌலி என்ற சிங்கப்பூர்ச் சிறுவன் ஏழு வயதில் வேதியியலில் ஓ நிலைத் தேர்வில் தேறி உலகச் செய்தியானான். அவனைப் போன்ற பிள்ளைக்கு ஓராண்டு தாண்டுவது ஒன்றுமே இல்லை. ஒரு பாடத்தில் பல ஆண்டு முன்னே போகவும், மற்றவற்றில் தன் வயதோடு இருக்கவும் வழி செய்ய வேண்டியிருக்கும்.

பள்ளி சம்மதித்தால் முதல் தவணை முடியும்வரை சோதனைக் காலமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, எதைப் பார்த்து முடிவு செய்வது என்பதையும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். மார்ச் விடுமுறைக்கு முன் வகுப்பாசிரியர், தமிழாசிரியர் இருவரையும் பாருங்கள். மதிப்பெண் குறைந்திருப்பது பெரிய அறிகுறி இல்லை, முதல் தவணையில் அது குறையத்தான் செய்யும். காலையில் வயிற்றுவலி என்று படுப்பது, இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருப்பது, வீட்டுப்பாடத்துக்கு எடுக்கும் நேரம் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போவது, இந்த மூன்றையும் கவனியுங்கள். மூன்றில் இரண்டு ஆறு வாரமாக விடாமல் இருந்தால் திரும்பிவிடுவதைப் பற்றி அப்போதே பேசிவிட வேண்டும். அதற்கு வாய்ப்பு உண்டா என்பதைச் சேரும் முன்பே பள்ளியிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.